நூற்றைந்து சதவீதம்

வீடு கட்டுறதைப் பத்தி நம்மாளுங்க எழுதாத பதிவு இல்லை. வாஸ்து, ஜல்லி, எம்-சாண்டா ஆத்து மணலா, கம்பி எந்த கம்பெனி... எல்லாத்துக்கும் ஆளு இருக்கு. ஆனா கான்ட்ராக்டரோட போடுற அக்ரிமென்ட்ல மூணாவது பக்கத்துல ஒரு சின்ன பட்டியல் வரும் பாருங்க, எந்த வேலை முடிஞ்சா எத்தனை சதவீதம் பணம்னு, அதைப் பத்தி யாரும் பேசுறதில்லை. எங்க வீட்டுக்கு அந்தப் பட்டியலோட நடந்த மல்லுக்கட்டுதான் இந்தப் பதிவு. பொழுதுபோகாதவங்க மட்டும் இல்லை, வீடு கட்டப் போறவங்களும் படிக்கலாம் :-)

அப்பா ரிட்டயர் ஆகி வந்த பணமும், என் பேர்ல எடுக்கிற ஹோம் லோனும் சேர்த்து ஊர்ல ஒரு வீடு. 1,250 சதுர அடி. சதுர அடிக்கு 2,400 ரூபாய், மெட்டீரியலோட சேர்த்து. ஆக மொத்தம் 30 லட்சம். அதுல 20 பேங்க், 10 அப்பா. அப்பாகிட்ட இதுக்கு மேல ஒரு ரெண்டு லட்சம் இருந்துச்சு. அது போர் போடவும் காம்பவுண்டு சுவருக்கும்னு ஒதுக்கினது. கான்ட்ராக்ட்ல அது ரெண்டும் கிடையாது. அதாவது, கணக்கு எங்கேயாவது இழுத்தா வீட்டுக்கு சுவர் கிடையாது, தண்ணியும் கிடையாது.

கான்ட்ராக்டர் நல்ல மனுஷன். எங்க தெருவுலயே ரெண்டு வீடு கட்டியிருக்கார். அக்ரிமென்ட் டிராஃப்டை டிடிபி சென்டர்ல அடிச்சு வாட்ஸப்ல அனுப்பியிருந்தார். பணம் கொடுக்குற பட்டியல் இப்படி இருந்துச்சு:

1. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது – 10%
2. பேஸ்மென்ட் முடிந்ததும் – 15%
3. லிண்டல் மட்டம் வந்ததும் – 15%
4. தளம் கான்கிரீட் போட்டதும் – 20%
5. உள்பூச்சு, வெளிப்பூச்சு முடிந்ததும் – 15%
6. டைல்ஸ், வயரிங், பிளம்பிங் முடிந்ததும் – 15%
7. கதவு, ஜன்னல், பெயின்ட் முடிந்ததும் – 10%
8. சாவி ஒப்படைக்கும்போது – 5%

மேலோட்டமா பார்த்தா அழகா இருக்கு இல்ல? பத்து, பதினஞ்சு, இருபதுன்னு ரவுண்டு நம்பர். கண்ணு தன்னாலயே "இது நூறுதான்"னு நம்பிடும். அப்பா ரெண்டு தடவை படிச்சிட்டு, கம்பி என்ன பிராண்டு, பாத்ரூம் டைல்ஸ் எவ்வளவு உயரம்னு எல்லாம் பேனாவால டிக் அடிச்சிருந்தார். இந்தப் பட்டியல்ல டிக் மட்டும்தான், கூட்டல் இல்லை.

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே.

```
>>> sum([10, 15, 15, 20, 15, 15, 10, 5])
105
```

இதுக்கு எதுக்குய்யா பைத்தான்னு கேட்காதீங்க, ஆஃபீஸ்ல உட்கார்ந்திருந்தேன், அதுதான் திறந்திருந்துச்சு.

30 லட்சத்துல 5 சதவீதம்னா ஒன்றரை லட்சம். போரும் காம்பவுண்டும் கிட்டத்தட்ட காலி. சாயங்காலமே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "அண்ணே, கூட்டினா நூத்தஞ்சு வருதே"ன்னேன்.

அவர் சிரிச்சார். "தம்பி, நூத்தஞ்சுன்னு போட்டிருந்தா நூத்தஞ்சு வாங்கிடுவேனா? மேல முப்பது லட்சம்னு எழுத்தாலயே போட்டிருக்கே. முப்பதுக்கு மேல ஒரு ரூபா கேட்க மாட்டேன். நீங்க கவலைப்படாதீங்க."

அவர் சொன்னது உண்மைன்னு இன்னைக்கும் நம்புறேன். ஆனா அந்த பதில்லதான் பிரச்சனையே இருக்கு. அதை கொஞ்சம் நிதானமா பார்ப்போம், ஏன்னா இந்தப் பதிவோட சாரமே இதுதான்.

பணம் ஒரே நாள்ல போறதில்லை, வரிசையா போகுது. முதல்ல 10 கொடுத்தாச்சு. பேஸ்மென்ட் வந்தா மொத்தம் 25. லிண்டல்ல 40. தளம் போட்டா 60. பூச்சு முடிஞ்சா 75. டைல்ஸ் முடிஞ்சா 90. பெயின்ட் அடிச்சதும்? சரியா 100! அதாவது ஏழாவது வரியிலேயே முப்பது லட்சமும் அவர் கைக்குப் போயிடுது. "முப்பதுக்கு மேல கேட்க மாட்டேன்"னு அவர் சொன்ன வாக்கைக் காப்பாத்தினா எட்டாவது வரிக்குக் கொடுக்க பணமே இல்லை. சாவி கொடுக்குற நேரத்துல நம்ம கையில பூஜ்யம்.

எட்டாவது வரி எதுக்கு இருக்கு? தண்ணி டேங்க்ல மூடி இல்லை, கதவு தட்டுது, ஒரு ஸ்விட்ச் போர்டு ஆடுது, பாத்ரூம்ல தண்ணி ஓட்டம் எதிர்ப்பக்கம் போகுதுன்னு கடைசில ஒரு லிஸ்ட் வரும். எல்லா வீட்டுலயும் வரும். அதை முடிக்க வைக்கிறது அந்தக் கடைசி ஒன்றரை லட்சம்தான். கான்ட்ராக்டர் கெட்டவர்னு இல்லை. அடுத்த சைட்டு ஆரம்பிச்சிருப்பார், ஆளெல்லாம் அங்கே போயிருக்கும். முழுசா பணம் வந்துட்ட சைட்டுக்கு எலக்ட்ரீஷியனை அனுப்புறதுக்கு அவருக்கும் மனசு வராதுல்ல?

ஆக நூத்தஞ்சுன்னா "ஒன்றரை லட்சம் அதிகமா கொடுப்போம்"னு மட்டும் அர்த்தம் இல்லை. மொத்தத் தொகை தெளிவா எழுதியிருந்தா அதிகமா கொடுக்க மாட்டோம். ஆனா அதிகமா இருக்குற அஞ்சு, பட்டியலோட வாலைத் தின்னுடும். எப்பவும் வாலைத்தான் தின்னும், ஏன்னா மேல இருக்குறதெல்லாம் அதுக்குள்ள கொடுத்து முடிஞ்சிருக்கும். வால்லதான் நம்ம பிடி இருக்கு.

இதுக்கு நேர் எதிர் கேஸும் உண்டு. சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டுல பட்டியல் 95 தான் வந்துச்சாம். அவர் சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டார், அஞ்சு மிச்சம்னு. மிச்சமெல்லாம் ஒண்ணும் இல்லை. மொத்தத் தொகைன்னு ஒண்ணு எழுதியிருக்கு, அதுல அஞ்சு சதவீதத்துக்கு தேதி மட்டும் இல்லை. தளம் போடுறதுக்கு முந்தின வாரம், கம்பி விலை ஏறிடுச்சு, அந்த மீதி அஞ்சை இப்பவே குடுங்கன்னு அவங்க கான்ட்ராக்டர் வந்து நின்னார். பட்டியல்ல இடம் இல்லாத பணத்தை யார் எப்ப வேணும்னாலும் கேட்கலாம். சென்ட்ரிங் அடிச்சு நிக்கிற நேரத்துல இல்லைன்னு சொல்ல முடியுமா?

சரி, நம்ம கதைக்கு வருவோம். நூத்தஞ்சை நூறாக்கணும். அஞ்சை எங்கேர்ந்து எடுக்குறது?

கான்ட்ராக்டர் உடனே ஒரு வழி சொன்னார். "கடைசி வரியை அடிச்சிடுங்க தம்பி, சரியாப் போச்சு." கணக்குப்படி சரிதான், நூறு வந்துடும். ஆனா மேல சொன்ன அதே நிலைமைதான், இப்ப நாமளே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட மாதிரி.

ஆஃபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பன் இன்னொரு ஐடியா கொடுத்தான். எல்லாத்தையும் 105-ஆல வகுத்து 100-ஆல பெருக்கு, யாருக்கும் பாரபட்சம் இல்லைன்னான். போட்டுப் பார்த்தோம். 10 வந்து 9.52 ஆகுது, 15 வந்து 14.29, 20 வந்து 19.05, 5 வந்து 4.76. இதைக் கூட்டினா 100.01 வருது :-) முப்பது லட்சத்துல அந்த 0.01% முன்னூறு ரூபாய். முன்னூறு ரூபாய்க்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போறதில்லை, ஆனா 2,85,714 ரூபாய்னு செக் எழுதி அப்பாகிட்ட கையெழுத்து வாங்கப் போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்.

(இதே ரகத்துல எக்ஸெல் பண்ற ஒரு வேலையும் சொல்லிடறேன். தசமப் புள்ளி இல்லாம ஃபார்மட் பண்ணி வெச்சிருந்தா, உள்ளே 99.6 இருந்தாலும் மொத்தத்துல 100%னு காட்டும். யாராவது ஷீட் அனுப்பினா அந்த 100-ஐ நம்பாதீங்க, புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வர்ற மாதிரி மாத்திட்டுப் பாருங்க. அதைவிட நல்லது, எல்லா வரியையும் ரூபாய்ல எழுதிட்டு அந்த ரூபாயைக் கூட்டுறது.)

எங்கப்பா சொன்னது மூணாவது வழி. தளத்துக்கு 20 ரொம்ப அதிகம், 15 ஆக்கிடு. நியாயமாத்தான் தோணுச்சு. ஆனா கான்ட்ராக்டர் ஒத்துக்கலை. அவர் சொன்ன காரணத்தைக் கேட்டப்போ எனக்கும் சரின்னு பட்டுச்சு. லிண்டல்லேர்ந்து தளம் வரைக்கும்தான் அவர் கைக்காசு ஏகத்துக்கும் இறங்குது. கம்பி, சிமெண்ட், சென்ட்ரிங் வாடகை, கான்கிரீட் போடுற அன்னைக்கு ஒரு பட்டாளத்துக்கு கூலி, எல்லாம் ஒரே சமயத்துல. "அங்க கொறச்சீங்கன்னா நான் கடன் வாங்கித்தான் தளம் போடணும் சார், அந்த வட்டியை வேற எங்கயாவதுதான் எடுக்கணும்"னு அப்பாகிட்ட நேராவே சொல்லிட்டார். வேற எங்கயாவதுன்னா எங்கேன்னு நாங்க கேட்கலை. கம்பியிலயும் சிமெண்ட்லயும் எடுக்க வேண்டாமேன்னுதான்.

இப்ப பாருங்க, கூட்டல் தப்பைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம். எந்த வரியில குறைக்கிறதுன்னு பேச நாலு நாள். ஏன்னா எந்த வரியில குறைக்கிறோமோ, அந்தக் கட்டத்துல யாரு கைக்காசு மாட்டிக்கிட்டு நிக்கும்ங்கிறது மாறுது.

நாலாவது நாள்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. தப்பு எங்க இருக்குன்னு தெரியாமலே அதை சரி பண்ணப் பார்க்குறோமே? எங்க வேலையில ஒரு பக் வந்தா முதல்ல அது எப்போ உள்ளே வந்துச்சுன்னுதான் தேடுவோம். பழைய வெர்ஷன்ல இருந்துச்சான்னு பார்ப்போம். அதனால கான்ட்ராக்டர்கிட்ட, எங்க தெருவுல அவர் முன்னாடி கட்டின வீட்டு அக்ரிமென்ட் இருந்தா காட்டுங்கண்ணேன்னு கேட்டேன். மனுஷன் கொஞ்சமும் தயங்காம எடுத்துட்டு வந்துட்டார்.

விஷயம் அங்கதான் இருந்துச்சு. பழைய அக்ரிமென்ட்ல பட்டியல் ஏழே ஏழு வரி, கூட்டினா அம்சமா நூறு. பட்டியலுக்குக் கீழ தனியா ஒரு ஷரத்து: ஒவ்வொரு தவணையிலும் 5% பிடித்தம் செய்யப்படும், அந்தத் தொகை வீட்டை ஒப்படைத்தபின் கொடுக்கப்படும். எங்க டிராஃப்ட்ல அந்த ஷரத்து எடுத்து அடிக்கும்போது காணாமப் போயிடுச்சு. அதுக்கு பதிலா எட்டாவது வரியா "சாவி ஒப்படைக்கும்போது 5%" வந்து உட்கார்ந்திருக்கு. டிடிபி சென்டர்ல யாரோ சுருக்கி எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்.

ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா ஒண்ணு இல்லை. பிடித்தம்ங்கிறது புதுப் பணம் இல்லை, ஏற்கெனவே நூறுக்குள்ள இருக்குற பணத்தைத் தள்ளிக் கொடுக்கிறது. அதைத் தனி வரியா பட்டியல்ல சேர்த்தா ரெண்டு தடவை எண்ணின மாதிரி. அட்வான்ஸுக்கும் இதே கதைதான். "அட்வான்ஸ் 10%, பின்வரும் பில்களில் கழித்துக்கொள்ளப்படும்"னு எழுதியிருந்தா அந்தப் பத்தைக் கூட்டல்ல சேர்க்கக் கூடாது, மிச்ச வரிகள் மட்டுமே நூறு வரணும். கழிக்கிறதைப் பத்திப் பேச்சே இல்லைன்னா சேர்த்துத்தான் நூறு வரணும். அதனால பட்டியலைக் கூட்டுறதுக்கு முன்னாடி சுத்தி இருக்குற ஷரத்துகளைப் படிக்கணும். 110 வந்தாலும் சரியா இருக்கலாம், 100 வந்தாலும் தப்பா இருக்கலாம்.

தப்போட வேர் தெரிஞ்சதும் சண்டையே இல்லாமப் போச்சு. எட்டாவது வரியைத் தூக்கிட்டு பழைய ஷரத்தைத் திரும்பப் போட்டோம். அவர் ஏற்கெனவே ரெண்டு வீட்டுக்கு ஒத்துக்கிட்ட விஷயம்தானே, மறுக்க வழியில்லை. தளத்துக்கு அவர் கேட்ட 20-ம் அப்படியே இருந்துச்சு.

ரூபாய்ல எழுதிப் பார்த்தோம். 10% தவணைன்னா 3,00,000, அதுல 15,000 பிடிச்சு 2,85,000 கொடுக்கணும். 15% தவணைன்னா 4,50,000, பிடித்தம் 22,500, கையில 4,27,500. தளத்துக்கு 6,00,000, பிடித்தம் 30,000, கையில 5,70,000. ஏழு தவணையும் முடிஞ்சா கொடுத்தது 28,50,000, பிடிச்சு வெச்சது 1,50,000. கூட்டினா முப்பது லட்சம், பைசா சுத்தமா. ஒவ்வொரு வரிக்கும் நேரா அந்த ரூபாயை எண்ணாலயும் எழுத்தாலயும் அடிக்கச் சொன்னோம். வெறும் சதவீதம் இருந்தா, எதோட சதவீதம்னு பின்னாடி ஒரு பேச்சு வரும். சதுர அடி ரேட்டுல கட்டுற வீட்டுல இது நிஜமாவே வரும். கடைசில டேப் வெச்சு அளந்து, போர்ட்டிகோவையும் சேர்த்து 1,290 சதுர அடின்னு சொன்னா முப்பது லட்சம் முப்பது லட்சத்துத் தொண்ணூத்தாறாயிரமா மாறும், எல்லா வரியும் கூடவே மாறும். அதனால "மொத்தத் தொகை ரூ.30,00,000, பிளானில் உள்ளபடி; கூடுதல் வேலைக்குத் தனி பில்"னு ஒரு வரி சேர்த்தோம்.

பேங்க் விஷயம் ஒண்ணு. லோன் கொடுக்கிறவங்க நம்ம பட்டியலைப் பார்த்துக் கொடுக்க மாட்டாங்க. அவங்க இன்ஜினியர் வந்து பார்த்து, வேலை எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு அவங்க கணக்குல எழுதி, அதுக்கு ஏத்த மாதிரிதான் ரிலீஸ் பண்ணுவாங்க. எங்க கேஸ்ல முதல்ல அப்பா பணம் போகணும், அப்புறம்தான் லோன்னு வேற சொல்லிட்டாங்க. அதனால பேங்க் கட்டங்களையும் நம்ம கட்டங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கணும். அது தனிப் பதிவு அளவுக்கு இருக்கு, இப்ப வேண்டாம்.

பிடிச்சு வெச்ச ஒன்றரை லட்சத்தை எப்பக் கொடுக்கிறதுன்னு அப்பா ஒரு யோசனை சொன்னார். வீடு ஜூன் மாசம் முடியுது, மழை அக்டோபர்லதான். மழை பார்க்காத தளத்துக்கு எப்படி சர்டிபிகேட் கொடுக்கிறது? பாதி, அதாவது 75,000, சாவி கொடுக்கும்போது. மீதி 75,000 டிசம்பர் 31-ஆம் தேதி. கான்ட்ராக்டர் கொஞ்சம் முனகினார், அப்புறம், "சரி சார், ஒழுகாது, பாருங்க"ன்னு ஒத்துக்கிட்டார்.

அவர் சொன்ன மாதிரி தளம் ஒழுகலை. ஆனா நவம்பர்ல ரெண்டு நாள் அடிச்ச மழையில, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையில ஈரம் இறங்கி, கீழே பெட்ரூம் சீலிங் ஓரத்துல ஒரு முழம் நீளத்துக்கு திட்டு திட்டா தெரிஞ்சது. போட்டோ எடுத்து அனுப்பினேன். மூணாம் நாள் ஆள் வந்து அந்த மூலையைக் கொத்தி, வாட்டர் ப்ரூஃப் கலந்து வளைவா பூசிட்டுப் போனாங்க. டிசம்பர்ல மறுபடியும் மழை வந்துச்சு, சீலிங் காய்ஞ்சே இருந்துச்சு.

31-ஆம் தேதி கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். அப்பா காபி கொடுத்துட்டு 75,000-க்கு செக் எழுதினார். செக் புக்கை மூடினதும் அக்ரிமென்ட்டை எடுத்து, பட்டியலுக்குப் பக்கத்துல அதுவரைக்கும் கொடுத்த ஒன்பது தொகையையும் பேனாவால எழுதிக் கூட்டினார்.